பல்லும் வேட்டியும் மட்டும் தெரிந்த பெரியப்பா: ஒரு கல்யாண குரூப் போட்டோவின் நிகழ்வு ஆய்வு

கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை உள்ளூர்க்காரர், வேலை அயர்லாந்தில். பெண் அயர்லாந்துக்காரர். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரவேற்பில், இரண்டு குடும்பத்தையும் மேடையில் நிறுத்தி வேறொரு குழு ஒரு படம் எடுத்திருந்தது. அதில் பெண்ணின் அப்பா முகம் வெள்ளைக் காகிதம்போல் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முகமே இல்லை. அவர் என்னிடம் சொன்னது இது: "தம்பி, அந்தப் படத்துல என் பல்லும் வேட்டியும்தான் நிக்குது. நான் எங்கேன்னு பேரன் கேக்குறான்."

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும், அதே பதினான்கு பேரை வைத்து மண்டபத்துத் திண்ணையில் நாங்கள் எடுத்த படம் சரியாக வந்தது. முதல் படம் ஏன் கெட்டது, இரண்டாவதில் எது எதை மாற்றினோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. முதல் படத்தின் ஃபைலை மாப்பிள்ளை அனுப்பிவைத்தார். அதனால் ஊகிக்க வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

எவ்வளவு தூரம் முகத்துக்கு முகம்?

முகூர்த்தத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரே நிழலில் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். அப்போதே ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பதினெட்டு சதவீத கிரே கார்டை அதே இடத்தில் பிடித்து அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால், பெண்ணின் அப்பா கன்னம் அதைவிட 1.3 ஸ்டாப் மேலே இருந்தது. மாப்பிள்ளை அரை ஸ்டாப் கீழே. அத்தை 0.7 கீழே. பெரியப்பா 1.3 கீழே. டப்ளினில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் கானா நாட்டு நண்பர் ஒருவர் வந்திருந்தார், அவர் 1.7 கீழே.

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அப்படியென்றால் பெண்ணின் அப்பாவுக்கும் கானா நண்பருக்கும் இடையே மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு. நிறம் சரிபார்க்கும் கலர்செக்கர் அட்டையில் முதல் இரண்டு கட்டங்கள் கருமையான தோலும் வெளிர்த் தோலும்தான். கருமையான கட்டம் சுமார் 10 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, வெளிர்க் கட்டம் சுமார் 36 சதவீதம். இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்டாப்கூட இல்லை. நிஜக் குடும்பங்கள் அந்த அட்டையைவிட அகலமானவை.

ஆனால் மூன்று ஸ்டாப் என்பது இன்றைய கேமராவுக்கு ஒரு பொருட்டே இல்லை. நம் ஊரில் சிக்கலை உண்டாக்குவது வேட்டி. வெளுத்துக் கஞ்சி போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கிரே கார்டைவிட 2.3 ஸ்டாப் மேலே நின்றன. கேமராவின் ரா ஃபைலில் கிரேவுக்கு மேலே ஏறத்தாழ மூன்று ஸ்டாப் இடம் இருக்கும். அதற்கு மேல் போனால் வெறும் வெள்ளை. கருத்த முகத்துக்காக ஒரு ஸ்டாப் ஏற்றினால் வேட்டியின் மடிப்பு காணாமல் போகும். வேட்டியைக் காப்பாற்றினால் அதைக் கட்டியிருப்பவர் இருட்டில் போவார். பெரியப்பாவிடமே இரண்டு முனையும் இருந்தன. அவர் முகத்துக்கும் அவர் சட்டைக்கும் இடையே 3.6 ஸ்டாப். பெண்ணின் அப்பா படத்தில் இல்லாவிட்டாலும் அந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது.

முதல் படம் எப்படிக் கெட்டது

ஃபைலில் இருந்த தகவல்: 24 எம்எம் லென்ஸ், கேமரா தலையிலேயே ஃபிளாஷ், நேராக முன்னோக்கி, ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் முறையில். ரா இல்லை, ஜேபெக் மட்டும். பிக்சர் ஸ்டைல் விவிட்.

முதலில் தூரம். முன்வரிசை கேமராவிலிருந்து சுமார் மூன்று மீட்டர், பின்வரிசை நான்கு. ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மட்டும் 0.8 ஸ்டாப் போய்விடுகிறது. பெண்ணின் அப்பா முன்வரிசை நடுவில். பெரியப்பா பின்வரிசையில் இடது கோடியில். அகல லென்ஸுக்கு ஃபிளாஷ் தலை ஓரம் வரைக்கும் சமமாக வீசாது. அந்தக் கோடியில் இன்னும் அரை ஸ்டாப்புக்கு மேல் குறைந்திருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் தோலில் உள்ள வித்தியாசம் 2.6 ஸ்டாப்தான். நின்ற இடம் அதை நான்காக்கிவிட்டது. தெரிந்தே செய்ததில்லை என்றாலும், வெளிச்சம் அதிகம் தேவைப்பட்டவர் மிகக் குறைவான வெளிச்சத்தில் நின்றார்.

அடுத்து, கேமரா எதைப் பார்த்து எக்ஸ்போஷரைத் தீர்மானித்தது என்பது. பின்னால் மேடை முழுக்க வெள்ளைப் பூ அலங்காரம். டிடிஎல் அதையும் பட்டுப் புடவைச் சரிகையையும் பார்த்து ஃபிளாஷைக் குறைத்திருக்கிறது. படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் அழகாக, நடுவில் மலைபோல் இருக்கிறது. அந்த மலை முழுக்கப் பூ. பதினான்கு முகங்களும் சேர்ந்து படத்தில் இருபதில் ஒரு பங்கு இடத்தைக்கூடப் பிடிக்கவில்லை. குரூப் போட்டோவில் ஹிஸ்டோகிராமை நம்பக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். முகத்தைப் பெரிதாக்கி, கர்சரை கன்னத்தில் வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். லைட்ரூமில் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே R, G, B என்று சதவீதத்தில் காட்டும். பெரியப்பா கன்னத்தில் R 11, G 7, B 6. பெண்ணின் அப்பா நெற்றியில் R 100, G 95, B 88.

அந்த R 100 கவனிக்க வேண்டிய எண். வெளிர்த் தோலில் சிவப்பு சானல்தான் முதலில் நிரம்பும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் அது தெரியாது, கேமராவில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் திரைக்கு மாற்றினால்தான் தெரியும். சிவப்பு நிரம்பிய பிறகு பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும், தோல் மஞ்சளாகி மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஜேபெக்கில் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

கடைசியாக, விவிட். எந்த ஜேபெக்கிலும் கேமரா ஒரு S வடிவ வளைவைப் போடுகிறது. நடுவில் உள்ள டோன்களுக்கு இடையே வித்தியாசத்தைக் கூட்டி, இரண்டு முனைகளிலும் நெருக்கிவிடும். விவிட் அதை இன்னும் கூட்டும். மாநிற முகங்கள் நடுவில் விழுவதால் அவை பளிச்சென்று வந்தன. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அந்தப் படத்தில் நன்றாகவே இருக்கிறார்கள். கருத்த முகத்தின் கன்னம், தாடை, கண்குழி மூன்றும் வளைவின் அடிவாலில் ஒன்றாக நசுங்கிவிட்டன.

இந்த வளைவு ஒன்றும் இயற்கையாக வந்ததில்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக், லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டையை அனுப்பியது, அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். முதலில் அதற்கு நின்றவரின் பெயரால் அதை ஷர்லி கார்டு என்றே லேப்காரர்கள் அழைத்தார்கள். பள்ளி குரூப் போட்டோக்களில் கறுப்பினப் பிள்ளைகளின் முகம் தெரியாமல் போவதாகத் தாய்மார்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கோடாக்கில் இருந்தவர்கள் அவரிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது: அடர்பழுப்பு நிறங்களைச் சரிசெய்யக் காரணமான நெருக்கடி சாக்லேட் கம்பெனிகளிடமிருந்தும் மர நாற்காலி மேசை செய்பவர்களிடமிருந்தும் வந்ததாம். பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லி நடக்கவில்லை. பல நிறத்தவரும் உள்ள அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது.

தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் இரண்டு வழிகள்

மறுநாள் என்ன செய்தோம் என்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்போஷரை மட்டும் ஏற்றினால் கருத்த முகம் ஏன் சரியாகிவிடுவதில்லை என்பதற்கான விடை அதில் இருக்கிறது.

தோலில் படும் வெளிச்சத்தில் கொஞ்சம் மேற்பரப்பிலேயே பட்டு அப்படியே தெறிக்கும், அதுதான் மினுப்பு. மீதி உள்ளே போய், நிறமியில் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு, மிச்சம் எல்லாத் திசையிலும் பரவி வெளியே வரும். மேற்பரப்பில் தெறிக்கும் பங்கு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், நேராகப் பார்த்தால் சில சதவீதம். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே போய் வருவதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வெளிர்த் தோலில் அந்தப் பங்கு அதிகம், எனவே முகத்தின் மேடுபள்ளத்தை மென்மையான நிழலே காட்டிவிடும். மிகக் கருத்த தோலில் அது குறைவு. அங்கே கன்னமேடும் மூக்குத்தண்டும் தாடையும் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மினுப்பால்தான். கருவறையில் எண்ணெய்க் காப்பிட்ட மூலவரை நாம் அடையாளம் காண்பது விளக்கொளி அந்தக் கல்லில் வழுக்கும் இடங்களைக் கொண்டுதானே, அதே கதை.

இதிலிருந்து ஒரு நேரடி முடிவு வருகிறது. மினுப்பு என்பது விளக்கின் பிரதிபிம்பம். விளக்கு சிறியதாக இருந்தால் நெற்றியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, மற்ற இடமெல்லாம் கறுப்பு. முந்தின நாள் படத்தில் பெரியப்பாவுக்கு நெற்றியில் ஒரு புள்ளியும் மூக்கு நுனியில் ஒரு புள்ளியும் இருந்ததே, அது அந்த ஃபிளாஷ்தான். விளக்கு பெரியதாக இருந்தால் கன்னம் முழுக்க மெல்லிய ஒரு பளபளப்பு படரும், முகத்துக்கு உருவம் வரும். எனவே கருத்த முகம் இருக்கும் குரூப்புக்கு வெளிச்சத்தின் அளவு கூட வேண்டும் என்பதைவிட, விளக்கின் பரப்பு கூட வேண்டும் என்பதுதான் முதலில். அது பக்கவாட்டிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. பெரிய விளக்கு வெளிர் முகத்துக்கும் கெடுதல் செய்யாது. எட்டு மடங்கு வித்தியாசம் உள்ள இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நல்லது செய்யும் மாற்றம் இது ஒன்றுதான்.

மினுப்பைத் துடைத்து எடுத்துவிடக் கூடாது என்பதும் இதோடு வருவது. வேர்வை வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தோம். அதற்கு மேல் பவுடர் போட வந்த ஒரு சித்தியைத் தடுத்துவிட்டேன். கருத்த தோலில் வெள்ளைப் பவுடர் படத்தில் சாம்பலாகத் தெரியும். பிறகு எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் திருத்த முடியாது.

திண்ணையில் நிறுத்தியது

மண்டபத்துக்கு முன்னால் நீளமான திண்ணை. ஒரு பக்கம் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. காலை பத்து மணிக்கு அங்கே நேர்வெயில் இல்லை, முற்றத்து வெளிச்சம் மட்டும் இடது பக்கமிருந்து உள்ளே வந்தது. பெரிய விளக்கு ஏற்கெனவே இருக்கிறது, வாடகையும் இல்லை.

இனி யாரை எங்கே நிறுத்துவது. கருத்தவர்களை வெளிச்சத்துக்குப் பக்கத்தில், வெளிர்ந்தவர்களைத் தள்ளி என்று நிறுத்தினால் எக்ஸ்போஷர் சுலபம். ஆனால் கல்யாணப் படத்தில் ஆளை நிறத்தைப் பார்த்து நிறுத்தினால் நன்றாயிருக்காது, நிறுத்தவும் விடமாட்டார்கள். உறவு முறைதான் வரிசையை முடிவு செய்யும். எனவே ஆட்களை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றாமல், உறவு வரிசைக்கு ஏற்ப வெளிச்சத்தை வைத்தோம். தாலி கட்டிய பிறகு பெண் மாப்பிள்ளைக்கு இடது கைப்பக்கம். கேமராவிலிருந்து பார்த்தால் பெண் வலப்புறம், அவர் வீட்டார் அவருக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் இடப்புறம். முற்றம் இடது பக்கம் வருகிற மாதிரி கேமராவை வைத்தால், பெரியப்பாவும் கானா நண்பரும் தங்கள் முறைப்படி நின்றாலே வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

முற்றத்து வெளிச்சம் மட்டும் போதவில்லை. இடமிருந்து வலம் அது கொஞ்சம்தான் குறைந்தது. அதனால் இடது முன்பக்கம் உயரமாக ஒன்றரை மீட்டர் வெள்ளைக் குடை ஒன்றில் 200 வாட் செகண்ட் ஸ்ட்ரோபைப் போட்டோம். இடது கோடிக்குக் குடையிலிருந்து மூன்று மீட்டர், வலது கோடிக்கு ஐந்து. குடையின் நடு அச்சைக் குரூப்பின் மத்தியில் வைக்காமல் பெரியப்பாவை நோக்கித் திருப்பினோம். ஃபிளாஷ் மட்டும் என்றால் இரண்டு கோடிக்கும் இடையே ஒன்றரை ஸ்டாப் விழும். அது ரொம்ப அதிகம், பெண் வீட்டார் நிழலில் நிற்பதுபோல் ஆகிவிடும். முற்றத்து வெளிச்சமும் ஃபிளாஷும் இடது கோடியில் பாதிப்பாதியாக இருக்கும்படி ஸ்ட்ரோபைக் குறைத்ததும் மொத்த வித்தியாசம் முக்கால் ஸ்டாப்பில் நின்றது. கையில் பிடிக்கும் இன்சிடென்ட் மீட்டரை ஒவ்வொருவர் தாடைக்குக் கீழேயும் கொண்டுபோய்ப் பார்த்து இதை உறுதி செய்தோம். மீட்டர் இல்லாதவர்கள் கிரே கார்டை இரண்டு கோடியிலும் பிடிக்கச் சொல்லி ஆளுக்கொரு படம் எடுத்து எண்ணை ஒப்பிடலாம், அதே பலன்தான்.

முக்கால் ஸ்டாப் என்பது கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் மூன்று ஸ்டாப்பாக இருந்த முகங்களின் இடைவெளி அதில் 2.3 ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. சம்பந்தி அம்மாக்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று பாட்டி சொல்ல, மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் வலப்புறம் போய்விட்டார்கள். எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை என்று படம் இரண்டாகப் பிளப்பதை அது கலைத்தது. அத்தைக்கு அங்கே வெளிச்சம் குறைவுதான், அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஆனால் இன்னொன்றை விட முடியவில்லை. பெண்ணின் தங்கை அத்தையின் அரக்குப் பட்டுக்கு ஒட்டி நின்றார். அந்தப் புடவையின் சிவப்பு அவர் தாடையிலும் கழுத்திலும் அடித்தது. வெளிர்த் தோல் பக்கத்துத் துணியின் நிறத்தை உடனே வாங்கிக்கொள்ளும், ஒயிட் பேலன்ஸை மாற்றினால் மற்ற பதின்மூன்று பேரும் மாறிவிடுவார்கள். ஓரடி தள்ளி நிற்கச் சொன்னதும் போய்விட்டது.

பின்னணி பற்றி. திண்ணைச் சுவரில் ஒரு பழைய தேக்குக் கதவு, சுற்றிலும் மங்கலான காவி பூசிய சுவர். முதலில் நின்றபோது கானா நண்பருக்குப் பின்னால் கதவு வந்தது. தலைமுடியும் முகமும் கதவும் ஒரே கருமையாகி, தலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குரூப்பை இரண்டு எட்டு இடப்புறம் நகர்த்தினோம். இப்போது அவருக்கும் பெரியப்பாவுக்கும் பின்னால் காவிச் சுவர், பெண்ணின் அப்பாவுக்குப் பின்னால் கருத்த கதவு. எல்லா முகங்களும் பின்னணியிலிருந்து விலகி வந்தன. எக்ஸ்போஷரைத் தொடாமலே கிடைத்த கான்ட்ராஸ்ட் இது. சுண்ணாம்பு வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் அங்கே நிறுத்தியிருக்க மாட்டேன். பிரகாசமான வெள்ளைப் பின்னணி லென்ஸுக்குள் சிதறி, கருத்த முகத்தின் மேல் ஒரு பால்படலத்தைப் போட்டுவிடும்.

செட்டிங்: 50 எம்எம், f/8, 1/160, ஐஎஸ்ஓ 400, ரா. இடது கோடியில் இன்சிடென்ட் மீட்டர் சொன்னதைவிட 0.3 ஸ்டாப் கூட. வேட்டி அப்போது கிரேவுக்கு மேல் 2.6-இல் நிற்கும், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே. அது தாண்டவில்லை என்பதற்கு நல்ல சாட்சி பெரியப்பா நெற்றியிலேயே இருந்தது. அவர் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது மூன்று பட்டைகளிலும் விரல் இழுத்த கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. திருநீறு வெறும் வெள்ளைப் பட்டையாகிவிட்டிருந்தால் கால் ஸ்டாப் குறைத்திருப்பேன்.

வெளிச்சம் வேறு வேறாக மூன்று படம் எடுத்து ஒன்றாக ஒட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். பதினான்கு பேர் அசையாமல் நின்றால் செய்யலாம். கல்யாண வீட்டில் அது நடக்காது. இரண்டு ஸ்டாப் ஷேடோவை ஏற்றுவது ஐஎஸ்ஓ 400-இல் பிரச்சினையே இல்லாதபோது அதற்கு அவசியமும் இல்லை. ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்ததென்றால் அந்த ஏற்றம் கருத்த முகத்தில்தான் முதலில் புள்ளிப்புள்ளியாகக் காட்டும்.

கம்ப்யூட்டரில்

லைட்ரூமில் ப்ரொஃபைலை Adobe Neutral-க்கு மாற்றிவிட்டு ஆரம்பித்தேன். அதன் வளைவு தட்டை, முனைகளை நசுக்காது.

இதற்கடுத்து எல்லோரும் கை வைப்பது Shadows. அதை +20-க்கு மேல் கொண்டுபோகவில்லை. Blacks-ஐத் தொடவே இல்லை. கருத்த முகம் சாம்பல் பூத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் Blacks-ஐத் தூக்குவதுதான். தலைமுடி, கண்மணி, மூக்குத் துவாரம், மீசை இவையெல்லாம் நல்ல கறுப்பாக இருந்தால்தான் பக்கத்தில் உள்ள தோல் உயிரோடு தெரியும். கறுப்புக்கு ஒரு தரை வேண்டும். அந்தத் தரையை ஏற்றினால் முகம் வெளிச்சமாகாது, மங்கிப்போகும்.

மொத்தப் படத்தின் கான்ட்ராஸ்டையும் கூட்டவில்லை. முகத்துக்கு முகம் தனியாக மாஸ்க். கானா நண்பருக்கும் பெரியப்பாவுக்கும் Exposure +0.35, அந்த மாஸ்க்கில் கன்னமேட்டின் மினுப்பு மட்டும் கொஞ்சம் எழும்படி Highlights +15. முகம் முழுவதையும் தூக்குவதைவிட மினுப்பைத் தூக்கினால் உருவம் வரும், நிறமும் மாறாது. கருத்த தோலை ஏற்றும்போது ஆரஞ்சு கூடிவிடும் என்பதால் Saturation −8. அத்தைக்கு +0.3. பெண்ணின் அப்பாவுக்கு −0.2, Highlights −25. முடிவில் பெரியப்பாவின் வெளிச்சம் பட்ட கன்னம் R 42, G 31. பெண்ணின் அப்பா கன்னம் R 84. மாஸ்க் போடும்போது கழுத்தையும் காதையும் கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகத்தை மட்டும் ஏற்றினால் கட்டிய கையும் முகமும் வேறு வேறு ஆளுடையது போலாகும்.

இப்போது கடைக்கோடி முகங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.75 ஸ்டாப் மிச்சம். அதற்கு மேல் குறைக்கவில்லை. பெரியப்பா பெரியப்பா நிறத்திலும் சம்பந்தி சம்பந்தி நிறத்திலும் இருக்க வேண்டும். நம் தொழிலில் "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்காத வீடு குறைவு. இங்கேயும் அதே சித்தி, பெரியப்பாவைக் காட்டி, "தம்பி, மாமாவை ஒரு சுத்து வெளுப்பாக்கிடுங்களேன்" என்றார். செய்யவில்லை. மாஸ்க்கை +1-க்குக் கொண்டுபோய்த் திரையில் காட்டினேன். முகம் சாம்பலாகி, கண்ணைச் சுற்றி ஓர் ஓரம் தெரிந்தது. சித்தியே, "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்" என்றுவிட்டார்.

இந்த முறை எங்கே உதவாது

இது பகல், திறந்த இடம், உறவு வரிசை வெளிச்சத்துக்குத் தோதாக அமைந்த படம். ஆபீஸிலோ கல்லூரியிலோ பலநிறத்தவர் கலந்து நிற்கும்போது ஒரு பக்கத்துக்கு வெளிச்சத்தைச் சாய்க்க முடியாது. அங்கே இரண்டு பெரிய குடைகளை இரண்டு பக்கமும் வைத்து இடம் முழுக்கச் சமமான வெளிச்சம் போட்டு, வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றி எடுத்து, முக வேலையை மாஸ்க்கில் செய்ய வேண்டியதுதான். உச்சிவெயிலில் புருவத்து நிழல் கருத்த முகத்தில் கண்ணையே விழுங்கிவிடும். நிழலுக்குள் போவதைத் தவிர வழியில்லை. ராத்திரி மேடையில் கையில் ஒரே ஃபிளாஷ் என்றால் அதைப் பக்கத்து வெள்ளைச் சுவரிலோ தாழ்ந்த கூரையிலோ அடித்துத் திருப்பினால் அந்தச் சுவரே பெரிய விளக்காகிவிடும். கொஞ்சம் பின்னால் போய் நீள லென்ஸில் எடுத்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசமும் குறையும். நான்கும் ஐந்தும் மீட்டர் என்றால் 0.6 ஸ்டாப், ஆறும் ஏழும் என்றால் அரை ஸ்டாப்கூட இல்லை.

ஆல்பம்

திரையில் சரியாக இருந்த படம் அச்சில் இருண்டு வரும். திரை தானே ஒளிர்வது, காகிதம் அறை வெளிச்சத்தை வாங்கிக் கொடுப்பது. மேட் காகிதத்தில் அடிக்கறுப்பு டோன்கள் இன்னும் நெருங்கும், அதாவது அடி முதலில் விழுவது கருத்த முகத்துக்கு. ஆல்பத்துக்குப் போகும் முன் இந்த ஒரு படத்தை மட்டும் 4×6 அளவில் அதே காகிதத்தில் போட்டு வாங்கினோம். ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கானா நண்பரின் தாடைக்கோடு கழுத்தோடு கலந்திருந்தது. அவர் மாஸ்க்கை இன்னும் 0.15 ஏற்றியதும் பிரிந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

லேப்புக்கு அனுப்பும்போது ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். அந்த மெஷின் படத்தின் மொத்த அடர்த்தியைச் சராசரி பார்த்துத் திருத்துகிறது. வெள்ளை வேட்டிகள் வரிசையாக நிற்கும் படத்தை அது அதிக வெளிச்சம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். எழுதியதோடு நிற்காமல் லேப்காரரைப் போனில் கூப்பிட்டும் ஒருமுறை சொல்லிவிடுவது என் வழக்கம், ஏனென்றால் மெஷினில் அந்த பட்டன் பெரும்பாலும் ஆனிலேயே இருக்கும்.